முறுக்கு மூன்று கிலோ, பில் எட்டு கிலோவுக்கு: வெளிநாட்டுப் பார்சல் பற்றி இரண்டு கேள்விகள்

கேள்வி: வீட்டிலேயே கேழ்வரகு முறுக்கும் எள்ளுருண்டையும் செய்து விற்கிறேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். 3 கிலோ முறுக்கு கேட்டார். கிலோ 500 ரூபாய், அனுப்பும் செலவு 2,500 என்று மொத்தம் 4,000 வாங்கினேன். கூரியர்காரர் கிலோவுக்கு 750 என்று சொல்லிவிட்டு, பெட்டியை அளந்து பார்த்து 8 கிலோவுக்கு 6,000 ரூபாய் பில் போட்டார். "கிஃப்ட் என்று எழுதிவிடுகிறேன், பிரச்சினை வராது" என்றும் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது பாதி நொறுங்கியிருந்தது, லேசாகச் சிக்கு வாடையும் அடித்ததாம். எங்கே தவறினேன்? இனி என்ன விலை சொல்வது?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கூரியர்காரர் பில்லில் ஏமாற்றவில்லை. விமானத்தில் போகும் பார்சலுக்கு இரண்டு எடை உண்டு. ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டி 45 × 35 × 25 அளவு இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 39,375, வகுத்தால் 7.9. தராசில் மூன்றரை கிலோதான் இருந்தாலும் பில் 8 கிலோவுக்கு வந்துவிடும். பெரிய கைமுறுக்கை அப்படியே அடுக்கி, உடையாமல் இருக்கச் சுற்றிலும் காகிதம் திணித்திருப்பீர்கள். நீங்கள் காசு கொடுத்து அனுப்பியதில் பாதிக்கு மேல் காற்று.

ஆகவே மாற்றத்தை முறுக்குப் பிழியும்போதே தொடங்க வேண்டும். வெளிநாட்டுக்கு என்றால் உள்ளங்கை அளவு முறுக்கு வேண்டாம், இரண்டு அங்குல அகலத்தில் சின்னதாகப் பிழியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை கட்டி, 250 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் ஒரு பாக்கெட் ஏறக்குறைய 16 × 11 × 6 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இப்படி 12 பாக்கெட்டை அடுக்குக்கு நான்காக மூன்று அடுக்கு வைத்தால் 35 × 25 × 20 பெட்டி போதும். அதன் கணக்கு 17,500-ஐ 5,000-ஆல் வகுத்து 3.5. தராசு எடையும் பெட்டியோடு சேர்த்து அதே மூன்றரைதான். கட்டணம் 2,625 ரூபாய். அதே முறுக்கு, அதே கூரியர், செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பெட்டிக்குள் ஆடுவதற்கு இடமில்லாததால் நொறுங்குவதும் குறையும். பெட்டி மட்டும் ஐந்து அடுக்கு அட்டையாக இருக்கட்டும்.

எள்ளுருண்டை இதற்கு நேர்மாறு: எடை அதிகம், இடம் குறைவு. இட எடை தராசு எடையைவிட அதிகமாக இருக்கும் பெட்டியில் மூலைகளில் எள்ளுருண்டைப் பாக்கெட் வைத்தால், இரண்டும் சமமாகும்வரை கூடுதல் கட்டணமே கிடையாது. முறுக்கு கேட்பவரிடம் "கூட அரைக் கிலோ எள்ளுருண்டை வைக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வெல்லம் ஈரத்தை இழுக்கும் என்பதால், பாகு நன்றாகக் கெட்டிப் பதம் வந்த பிறகு உருட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

அடுத்து சிக்கு வாடை. அது வழியில் வந்த கோளாறு இல்லை, அடுப்படியிலேயே தொடங்கியது. ஏற்கெனவே பொரித்த எண்ணெயில் மறுபடி பொரித்தால், அது இங்கே ஒரு வாரத்தில் தெரியாது, அங்கே மூன்றாவது வாரத்தில் தெரியும். வெளிநாட்டு ஆர்டருக்குப் புது எண்ணெய்தான். பொரித்ததைக் காகிதத்தில் பரப்பி எண்ணெய் வடிய விட்டு, கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். வெதுவெதுப்பாக அடைத்தால் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும். சாதாரண பிளாஸ்டிக் கவரில் ஈரமும் காற்றும் மெல்ல நுழையும். சிப்ஸ் பாக்கெட் போல உள்பக்கம் வெள்ளி நிறம் இருக்கும் கனமான கவர் வாங்கி, ஹீட் சீலரில் ஒட்டுங்கள். காற்றை உறிஞ்சும் வாக்குவம் பேக்கிங் முறுக்குக்கு ஆகாது, நொறுக்கிவிடும். ஒட்டியதும் ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை. ஒவ்வொரு ஈட்டிலும் மூன்று பாக்கெட்டை வீட்டில் நிறுத்தி வைத்து 15, 30, 45-ஆம் நாட்களில் பிரித்து முகர்ந்து, கடித்துப் பாருங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் போடும் தேதி அதிலிருந்து வர வேண்டும்.

அந்த 'கிஃப்ட்' விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். காசு வாங்கி அனுப்புவது விற்பனை. அதைக் கிஃப்ட் என்று எழுதினால் சுங்கத்தில் பொய் அறிக்கை கொடுத்ததாகும். மாட்டினால் கூரியர்காரர் பெயர் அங்கே இருக்காது, அனுப்புநர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும். அமெரிக்காவுக்கு உணவு அனுப்பும்போது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வீட்டில் சமைத்தவரே தன் கையால் பரிசாக அனுப்பும் உணவுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பலரும் 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்வது இந்த விலக்கை நினைத்துத்தான். உங்கள் முறுக்கு விற்பனைக்குப் போவதால் அது உங்களுக்குக் கிடையாது. முன்னறிவிப்பு access.fda.gov தளத்தில் இலவசம். தபாலில் அனுப்பினால் அனுப்புமுன் பதிந்து, வரும் எண்ணைப் பார்சல் தாளில் எழுத வேண்டும். கூரியர் என்றால் பெரும்பாலும் அவர்களே பதிவார்கள், அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டில் செய்வதுவரை உற்பத்திக்கூடப் பதிவு கேட்க மாட்டார்கள். தனியாக ஷெட் போட்டால் அதுவும் சேரும்.

லேபிளில் பொருள்களின் பட்டியலும் எடையும் உங்கள் முகவரியும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள்ளும் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நிலக்கடலை முன்பே அதில் உண்டு. முறுக்கு மாவில் ஒரு பிடி எள் தூவியிருந்தாலும் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மாவில் வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றிப் பிசைவதும் நல்லது. கோமாரி நோய் உள்ள நாடுகளிலிருந்து வரும் பால் பொருள்களைப் பல நாடுகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் தபாலில் பால் பொருள்களை விடுவதில்லை.

நம் பக்கத்தில் மூன்று காகிதங்கள். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் தரும் ஏற்றுமதி எண், ஆன்லைனில் 500 ரூபாய். உணவுப் பாதுகாப்பு உரிமம்: இங்கே விற்கப் போதுமான சின்னப் பதிவு ஏற்றுமதிக்குப் போதாது, மத்திய உரிமம் வேண்டும். பிறகு ஜிஎஸ்டி. ஏற்றுமதியைச் சட்டம் மாநிலம் கடந்த விற்பனையாகக் கருதுவதால் 'என் விற்பனை சின்னது' என்ற விலக்கு இதில் உதவாது. உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் வரி கட்டாமலே அனுப்பலாம், ஆடிட்டர் செய்து தருவார். இவை கையில் இருந்தால் அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையம் வழியாகவும் அனுப்பலாம். கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள்.

மாதம் இரண்டு மூன்று ஆர்டருக்கு இவ்வளவும் பாரம்தான். அதுவரை நேர்மையான சின்ன வழி ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் அப்பா அம்மா ஊரிலேயே இருந்தால், அவர்கள் உங்களிடம் வாங்கித் தங்கள் ஆதார் கொடுத்து மகளுக்கு அனுப்பட்டும். உங்கள் விற்பனை காவேரிப்பட்டணத்திலேயே முடிந்துவிடும், அவர்கள் அனுப்புவது உண்மையாகவே பரிசு. ஆனால் அது அவர்கள் சமைத்ததில்லை என்பதால் முன்னறிவிப்பு அப்போதும் வேண்டும். நான் இருந்தால் இந்த வழியில் தொடங்கி, ஆர்டர் நிலைத்த பிறகு காகிதங்களுக்குப் போவேன்.

இனி விலை. 3 கிலோவுக்கு மாவு, எண்ணெய், கேஸ், உதவிக்கு வருபவரின் கூலி எல்லாம் 900 என்று வையுங்கள். கவரும் லேபிளும் 150, அட்டைப்பெட்டியும் டேப்பும் 90, போக்குவரத்து 100, கூரியர் 2,625. கூட்டினால் 3,865. உடைந்தது, தொலைந்தது என்று ஈடு செய்ய 200 ஒதுக்குங்கள். உங்கள் லாபம் 900. மொத்தம் 4,965. வெளிநாட்டு கார்டில் பணம் வந்தால் பிடித்தம் நூற்றுக்கு நாலு ரூபாய் போல இருக்கும், ஆகவே 5,200 சொல்லுங்கள். முறுக்கு இவ்வளவு, அனுப்புவது இவ்வளவு என்று பிரிக்காமல் வீடு சேர ஒரே விலையாகச் சொன்னால் பேரம் குறையும். கூரியர் சொன்ன 750-க்குள் ஜிஎஸ்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதையும் கூட்டுங்கள்.

அமெரிக்க இறக்குமதி வரி இதில் சேரவில்லை. 800 டாலருக்குள் இருந்தால் வரி இல்லை என்ற சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். விகிதம் அடிக்கடி மாறுவதால், புக் செய்யும் அன்று கேட்டு, அந்தத் தொகையை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்களுக்கு வீட்டுக் குழம்புப் பொடி அனுப்பலாமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: பொடியில் கசகசா இருக்கிறதா என்று அரைத்தவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளின் கெடுபிடி உண்டு. அரைத்த பொடிக்குள் ஒரு ஸ்பூன் இருந்தாலும் பெறுபவருக்குத்தான் சிக்கல். கசகசா இல்லாமல் தனியாக வறுத்து அரையுங்கள். முன்பு கசகசா அரைத்த மிக்ஸி ஜாரையும் மில்லையும் தவிர்த்துவிடுங்கள்.