காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை: எக்ஸ்ரே எப்போது?

கேள்வி: எனக்கு 44 வயது, பள்ளி ஆசிரியை. மூன்றரை வாரத்துக்கு முன்னால் வைரஸ் காய்ச்சல் வந்து நாலு நாளில் விட்டுவிட்டது. இருமல் மட்டும் போகவில்லை. வறட்டு இருமல்தான். படுத்தால் வருகிறது, வகுப்பில் பேச ஆரம்பித்தால் வருகிறது. இரண்டு சிரப்பும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கும் முடிந்தது. சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாமியார் எக்ஸ்ரே எடுத்தே ஆகணும் என்கிறார். எடுக்க வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: எடுத்துவிடுங்கள். உங்கள் நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்று நான் சந்தேகப்படுவதால் அல்ல. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது வைரஸ் போன பிறகு தங்கிவிட்ட இருமலாகத்தான் தெரிகிறது. ஆனாலும் எக்ஸ்ரேக்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

காய்ச்சல் நாலு நாளில் விட்டால் இருமலும் ஒரு வாரத்தில் போய்விடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். நடப்பது அப்படி இல்லை. சாதாரண சளிக் காய்ச்சலோடு வரும் இருமலே சராசரியாக இரண்டரை வாரம் இருக்கும். மூன்று முதல் எட்டு வாரம் வரை நீடித்து, பிறகு தானே அடங்குவதும் வெகு சாதாரணம். வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிட்டுப் போகிறது. அதன் அடியில் இருக்கும் இருமல் நரம்புகள் அதனால் வெளிப்பட்டு, தொட்டதற்கெல்லாம் சிணுங்குகின்றன. ஏசி காற்று, சாக்பீஸ் தூள், வத்தல் மிளகாய் தாளிக்கும் நெடி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது என்று எதுவும் போதும். புதுத்தோல் வளர வாரக்கணக்கில் ஆகும். இடையில் விடாமல் இருமினால் அந்த இடம் மறுபடியும் புண்ணாகும். ஓயாமல் பேசும் உங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் இது நீடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இங்கே கிருமி வேலை முடித்துப் போய்விட்டது. அதனால் இன்னொரு ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலும், அதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது.

நாள் எண்ணிக்கையை விட இருமலின் போக்கைத்தான் நான் முதலில் கேட்பேன். போன வாரம் ராத்திரி நாலு முறை எழுப்பிய இருமல் இந்த வாரம் ஒரு முறைதான் எழுப்புகிறதா? அப்படியென்றால் அது மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதே அளவில் நிற்கிறது அல்லது ஏறுகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

இப்போது எக்ஸ்ரே. பல மேலை நாடுகளில் உங்களைப் போன்றவருக்கு, இருமல் குறைந்துகொண்டு வந்தால், எட்டு வாரம் வரைகூடப் பொறுத்துப் பார்ப்பார்கள். நம் ஊரில் கணக்கு வேறு. காசநோய் இங்கே சாதாரணமாகப் புழங்கும் நோய். அதனால் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம் வைத்திருக்கும் கோடு இரண்டு வாரம்: அதற்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி.

சில அறிகுறிகள் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சளியில் ரத்தம், மாடி ஏறினால் புதிதாக வாங்கும் மூச்சு, மூச்சை இழுக்கும்போது ஒரு பக்கமாகக் குத்தும் வலி, எடை குறைவது, ராத்திரி வேர்த்து உடை நனைவது ஆகியவை அவை. இவற்றோடு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: விட்ட காய்ச்சல் சில நாள் கழித்துத் திரும்ப வருவது. வைரஸ் பலவீனப்படுத்திய நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு நான் இன்னும் சீக்கிரமே படம் எடுக்கச் சொல்வேன்.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், கடை வைத்திருக்கிறார், பத்து வருடமாகச் சர்க்கரை. "வைரல் ஃபீவர் சார், இருமல் மட்டும் நிக்கல" என்றுதான் ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார். அதில் ஒன்று லீவோஃப்ளாக்ஸசின், கடையில் கேட்டு வாங்கியது. அதைச் சாப்பிட்டபோது மட்டும் நன்றாக இருந்ததாம். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த மருந்து தனியாகக் கொஞ்ச நாள் சாப்பிட்டால் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கும், முழுவதும் ஒழிக்காது. நோய் மறைந்து நின்று, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்ததை அவர் சர்க்கரையால் என்று நினைத்திருந்தார். எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது, சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. ஆறு மாத மருந்தில் குணமானார். முதல் மாதமே படம் எடுத்திருந்தால் அவ்வளவு இளைத்திருக்க மாட்டார்.

எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். நம்மைச் சுற்றி இயற்கையாக இருப்பதிலிருந்து பத்து நாளில் உடல் வாங்கும் அளவுக்கு மேல் போகாது. கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நின்றபடி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து எடுக்கும் படம்தான் தெளிவாக இருக்கும். கழுத்துச் செயினைக் கழற்றிவிடுங்கள். பழைய படம் இருந்தால் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட உதவுவது எதுவுமில்லை. படத்தில் நிழல் தெரிந்தாலே காசநோய் என்று அர்த்தமில்லை, சளிப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். சளி வந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்ப்பார்கள். காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுங்கள். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "டெஸ்ட்டில் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இன்னொன்று அந்த பிரஷர் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர் எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடிந்தால், வறட்டு இருமலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். காய்ச்சலுக்கு முன்னாலும் லேசாக இருமிக்கொண்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார். மாற்றினாலும் இருமல் அடங்கச் சில வாரம் பிடிக்கும்.

அதுவரை தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு, இருமல் கிளம்பும்போதே ஒரு மடக்கு விழுங்குங்கள். ராத்திரி வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் தேன் நல்லது (ஒரு வயதுக்குக் கீழ் குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது). தலையணையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். கோடீன் கலந்த சிரப் தூக்கத்தையும் பழக்கத்தையும் கொண்டுவரும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

படம் சுத்தமாக இருந்து, இருமலும் வாரத்துக்கு வாரம் குறைந்தால் விட்டுவிடலாம். படம் நன்றாக இருந்தும் இருமல் குறையாவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியாத காரணங்களைத் தேட வேண்டும். விடியற்காலையில் எழுப்பும், சிரித்தால் வரும் இருமல் என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் புளித்த ஏப்பத்தோடு வந்தால் அமிலம் மேலே ஏறுகிறது. எட்டு வாரம் தாண்டினால் நுரையீரல் மருத்துவரிடம் போய், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்துச் சீட்டுகளையும், முக்கியமாக அந்த ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கின் அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.