50% இறங்கி 50% ஏறிய பங்கு

"பங்கு 50% இறங்கி, அப்புறம் 50% ஏறிவிட்டது. ஆப்பில் இன்னும் 25% நஷ்டம் காட்டுகிறதே?"

ஆப் சரிதான். 1,00,000 ரூபாய் போட்டிருந்தால், இறங்கியது அந்த 1,00,000-இல் 50%. ஏறியது மிஞ்சிய 50,000-இல் 50%, அதாவது 25,000தான். கையில் 75,000. முதலை எட்ட அந்த 50,000 இரட்டிப்பாக வேண்டும்.

இரண்டு சதவீதத்தையும் ஒரே தொகையில் கணக்கிட்டிருப்பீர்கள். இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
g = L / (1 - L)
```

L நஷ்டம், g மீள வேண்டிய லாபம்; 50% என்றால் L-க்கு 0.5 என்று போடுங்கள், g 1 என்று வந்தால் அது 100%. 10% நஷ்டத்துக்கு சுமார் 11% போதும், 20%-க்கு 25%, 80%-க்கு 400%. பள்ளம் ஆழமாக ஆழமாக ஏற்றம் செங்குத்தாகிறது. 2000 மார்ச்சிலிருந்து 2002 அக்டோபருக்குள் 78% சரிந்த நாஸ்டாக் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது 2015-இல்தான்.

அதனால் வாங்கும்போதே அளவைப் பாருங்கள். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இதில் இருந்தால், அது பாதியானாலும் மொத்த நஷ்டம் 5%, மீள 5.3% போதும்.

ஒன்று: இறங்கியபோது மேலும் வாங்கியிருந்தால் சராசரி விலை குறைந்திருக்கும், இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.