ஏடிஎம் பணம்: போனில் புகார், பிறகு மெயில்

கேள்வி: ஏடிஎம்மில் 5,000 ரூபாய் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வங்கிக்குப் போன் செய்தால் திணறிவிடுகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: அரைப் பக்கக் குறிப்பு போதும். தேதி, நேரம், தொகை, கணக்கின் கடைசி நான்கு இலக்கம், ரசீதிலுள்ள பரிவர்த்தனை எண், ஏடிஎம் எண். ரசீது வராவிட்டால் எஸ்எம்எஸ்ஸில் பாருங்கள். பின் நம்பர், ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, இப்படிக் கழிந்த தொகை 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 3ஆம் தேதி கழிந்தது என்றால் கெடு 8ஆம் தேதி. 12ஆம் தேதி பேசினால் 4 நாள், 400 ரூபாய். இந்தக் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச வேண்டியது இவ்வளவுதான்: "3ஆம் தேதி ஏடிஎம்மில் 5,000 ரூபாய் கழிந்தது, பணம் வரவில்லை. கெடு முடிந்துவிட்டது. 5,000 ரூபாயும் நாளுக்கு 100 இழப்பீடும் வேண்டும். புகார் எண் கொடுங்கள்."

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: "பார்க்கிறோம் சார்" என்றதும் வைத்துவிடுகிறார்கள். புகார் எண், பேசியவர் பெயர், தீர்வுத் தேதி மூன்றையும் வாங்கி, எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

அன்றே, வங்கியில் பதிவான மெயிலிலிருந்து எழுதுங்கள். தலைப்பிலேயே புகார் எண் இருக்கட்டும்:

"இன்று காலை 11.20க்குப் பேசினேன். 19ஆம் தேதிக்குள் பணம் வரும் என்றார் உங்கள் அலுவலர். இதில் தவறிருந்தால் தெரிவிக்கவும்."

சொன்னதை மட்டும் எழுதுங்கள், கோபத்தை வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். வங்கியிடம் முதலில் முறையிட்டதற்கு இந்த மெயில்தான் சான்று.