கண்ணுக்கு ஜோக், காதுக்கு இல்லை

கேள்வி: சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் விழாவுக்குப் பத்து நிமிட நாடகம் எழுதியிருக்கிறேன். முழுக்க இரட்டை அர்த்தச் சொற்களை வைத்துக் குழப்பம். வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். ஒத்திகையில் யாருமே சிரிக்கவில்லை. லாட்ஜில் ஒருவர் “அறை வேண்டும்” என்று கேட்டு அடி வாங்குவது, நாட்டிய டீச்சர் “உங்க பொண்ணுகிட்ட பாவமே இல்ல” என்றதும் அப்பா மகிழ்வது, இப்படித்தான் காட்சிகள். எங்கே தவறு?

பதில்: நடித்தவர்கள் மேல் தவறில்லை. இரண்டுமே கண்ணுக்கு எழுதிய ஜோக்.

முதலில் அந்த லாட்ஜ். லாட்ஜுக்குப் போகிற எவரும் “அறை வேண்டும்” என்று கேட்பதில்லை. “ரூம் இருக்கா?” என்றுதான் கேட்பார்கள். ‘அறை’ என்றால் பேச்சில் கன்னத்தில் விழுவது மட்டும்தான். உங்கள் பாத்திரம் அந்தச் சொல்லை வாயெடுத்த உடனே, இது ஜோக்குக்காகச் செய்த வாக்கியம் என்று முன்வரிசைக்குத் தெரிந்துவிடுகிறது. அடி விழும்வரை அவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் போதாது. இரண்டும் அதே வாயில், அதே பேச்சில் புழங்க வேண்டும்.

நாட்டிய டீச்சர் காட்சியில் கோளாறு வேறு. பிழை என்னும் பாவத்தில் வருவது ‘பந்து’வின் ப. நடனத்தின் பாவத்தில் வருவது ‘பஸ்’ஸின் ப. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால் குழுவில் படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. டீச்சர் வாயைத் திறந்ததும் வேறாகிவிட்டது. எல்லாப் ப-வையும் ‘பந்து’ மாதிரியே சொல்லும் ஒருவரை டீச்சராகப் போட்டால் காட்சி பிழைக்கலாம். ஆனால் நாட்டிய டீச்சர் அந்தச் சொல்லை அப்படிச் சொல்வார் என்று யார் நம்புவது?

மேடைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. எழுதினால் இரண்டாகத் தெரிய வேண்டும், பேசினால் ஒன்றாகக் கேட்க வேண்டும். பேச்சுத் தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை. இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ பேச்சில் ‘அ’ ஆகிவிடும்: மரத்தை என்பது மரத்த, பையை என்பது பைய. இந்தப் ‘பைய’வை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் ‘பைய’ என்றால் மெதுவாக. (கொச்சை என்று நினைக்க வேண்டாம், குறளிலேயே “பைய நகும்” என்று வருகிறது.) ஆக, நெல்லை ஆச்சி ஒருவர் சென்னையில் காரில் வந்து இறங்குகிறார் என்றால் உங்களுக்குக் காட்சி கிடைத்துவிட்டது. ஓட்டி வந்தவர் சென்னைக்காரர்.

ஆச்சி: தம்பி, பைய எறக்குப்பா.
டிரைவர் (டிக்கியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்து): எறக்கிட்டேன் பாட்டி.
ஆச்சி: எங்க எறக்குன? பைய எறக்குன்னுல்லா சொன்னேன்.
டிரைவர்: அதான் பாட்டி, கீழ வச்சிருக்கேன் பாருங்க.
ஆச்சி (ஒரு காலை வெளியே விட்டு, கதவைப் பிடித்தபடி): பையப் பைய…
டிரைவர்: ரெண்டு பையா? இங்க ஒண்ணுதான இருக்கு!

இது ஓடுவதற்குக் காரணம், தமிழில் எதை, யாரை என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும் என்பதுதான். ஆச்சி “என்னைப் பைய எறக்கு” என்று ஆரம்பித்தால் அங்கேயே கதை முடிந்தது. “அவசரப்படாம” என்று ஒரு சொல் சேர்த்தாலும் அப்படியே. நடிப்பவர்கள் நல்லெண்ணத்தில் இப்படி ஏதாவது சேர்த்துப் பேசுவார்கள், ஒத்திகையில் அதை மட்டும் விடாமல் கவனியுங்கள். டிரைவர் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதும் முக்கியம். அவர் காதில் விழுந்ததை அவர் சரியாகவே செய்கிறார். ஒவ்வொரு பதிலும் அவரவர் நினைத்த பொருளுக்குப் பொருந்துவதால்தான் குழப்பம் மூன்று சுற்று நீடிக்கிறது. நான்காவது சுற்றுக்கு இழுக்காதீர்கள், காரில் மாட்டிய கிழவியைப் பார்த்துச் சபைக்கு இரக்கம் வந்துவிடும்.

அடுத்தது நிறுத்தம். ‘செம்பொன்பதின்தொடி’ என்ற தொடரைச் செம்பொன் என்று நிறுத்தினால் பத்துத் தொடி பொன், செம்பு என்று நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு. எழுத்து ஒன்றே, பொருள் மட்டும் இசையால் மாறும் என்று தொல்காப்பியப் புணரியல் சொல்லும் இடத்தில் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் இது. உங்கள் ஆச்சிக்கும் இதே சிக்கல்தான். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்லும்போது தென்மாவட்டத்தார் ‘பைய்ய’ என்று இழுப்பார்கள். முதல் வசனத்திலேயே இழுத்தால் டிரைவருக்கு ஏன் புரியவில்லை என்ற கேள்வி வரும். அதனால் முதலிரண்டு முறை தட்டையாக, நிறுத்தாமல் ‘பையஎறக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லட்டும். இழுப்பை ‘பையப் பைய’வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் சபை. சென்னைச் சபையில் பாதிப் பேருக்கு ‘பைய’ என்றால் மெதுவாக என்பது தெரியாமல் இருக்கலாம். தெரியாதவருக்கு இது குழப்பமே இல்லை, ஆச்சி உளறுவதாகத்தான் படும். அதற்காக யாராவது மேடையில் நின்று பொருள் விளக்கினால் அதோடு சிரிப்பு போச்சு. காட்சிக்கு இரண்டு நிமிடம் முன்னால், பை எதுவும் கண்ணில் படாத இடத்தில், ஆச்சி ஃபோனில் பேரனிடம் பேசட்டும்: “மாடிப்படில ஓடாதல, பைய நட, விழுந்து தொலைக்காத.” பொருள் தானாக உள்ளே போய்விடும். அதைக் கார் காட்சிக்குப் பக்கத்திலேயே வைத்தால் மட்டும் கண்ணி வைத்தது தெரிந்துவிடும். குழப்பம் தொடங்குமுன்பே சபைக்கு இரண்டு பொருளும் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. குழுவில் எழுதிப் போடாதீர்கள். ‘பைய’ ஜோக்கை எழுதிப் போட்டால் பையை, பைய என்று பிரிந்து, சிரிப்பு வராமலே போகலாம். நாடகத்தில் இல்லாத இரண்டு பேருக்கு, ஒருவர் தெற்கத்திக்காரர், ஒருவர் சென்னைக்காரர், ஃபோன் போட்டு அந்த வரியை மட்டும் சொல்லுங்கள். “என்ன அர்த்தம்?” என்று கேட்காதீர்கள், அகராதி பேச ஆரம்பித்துவிடுவார்கள். “இப்படிச் சொன்னா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். ஒருவர் பையை எடுப்பேன் என்று சொல்லி, மற்றவர் மெதுவாக இறக்குவேன் என்று சொன்னால் வரி தேறியது. இருவரும் ஒன்றையே சொன்னாலோ, “புரியலையே, எதை?” என்றாலோ வசனத்தை மாற்றுங்கள்.

முடிச்சை அவிழ்ப்பதும் பேச்சால் வேண்டாம். பேரன் ஓடி வந்து, “ஆச்சி, கையக் குடுங்க” என்று சொல்லி அவரைப் பிடித்து இறக்கட்டும். டிரைவர் பார்த்துக்கொண்டே நிற்கட்டும், “ஓ, மெதுவாவா!” என்று ஒரு சொல் போதும். பேரன் ஆச்சியோடு லிஃப்ட் பக்கம் போய்க்கொண்டே திரும்பிப் பார்க்காமல், “அண்ணே, பைய எடுத்துட்டு வாங்க” என்று சொல்லட்டும். டிரைவர் இப்போது விஷயம் தெரிந்தவர். பையைக் கீழேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு, ஓர் அடிக்கு ஓர் அடி, பைய வருவார்.