எனக்கே மெயில் அனுப்பி வைத்த பழைய வாட்ஸ்அப் சாட் ஃபைல்களை ஒன்றும் மிச்சமில்லாமல் எப்படி அழிப்பது?

மெயிலை அழித்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன் மாற்றியபோது ஒரு குரூப் சாட்டைப் படங்களோடு எக்ஸ்போர்ட் செய்து என் ஜிமெயிலுக்கே அனுப்பினேன். பிறகு அந்த மெயிலை அழித்தும்விட்டேன். ரொம்ப நாள் கழித்து டிரைவில் வேறு எதையோ தேடும்போது அதே ஜிப் ஃபைல் அப்படியே கிடந்தது.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போகும் ஃபைல் மெயிலோடு ஒட்டாது. அது டிரைவில் ஏறிக்கொள்ளும், மெயிலில் லிங்க் மட்டும்தான் இருக்கும். நான் அழித்தது அந்த லிங்கை. படங்களோடு எடுத்த எக்ஸ்போர்ட் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டிவிடும். வெறும் எழுத்து மட்டும் என்றால் மெயிலுக்குள்ளேயே இருக்கும்.

அதனால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். முதலில் ஜிமெயிலில்:

```
in:anywhere "WhatsApp Chat"
in:anywhere from:me to:me has:attachment
```

சாதாரணத் தேடல் ட்ராஷையும் ஸ்பேமையும் எட்டிப் பார்க்காது, அதற்குத்தான் `in:anywhere`. இரண்டாவது வரி, தலைப்பை மாற்றி அனுப்பிய மெயில்களைப் பிடிக்கும். இதில் சம்பந்தமில்லாதவையும் வரும், பார்த்து அழியுங்கள். ஆர்க்கைவ் பட்டனை அழுத்திவிடாதீர்கள். அது இன்பாக்ஸிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் டிரைவில் அதே பெயரைத் தேடுங்கள். பெயர் மாற்றி வைத்திருந்தால் `drive.google.com/drive/quota` பக்கத்தைத் திறந்தால் பெரிய ஃபைல் முதலில் வரும், ஜிப்கள் தானாகக் கண்ணில் படும்.

இரண்டிலும் அழித்தது 30 நாள் ட்ராஷில் கிடக்கும். டிரைவ் ஃபைலை யாருக்காவது பகிர்ந்திருந்தால், ட்ராஷிலிருந்தும் நீக்கும்வரை அவர்களால் திறக்க முடியும். எனவே ட்ராஷைக் கையோடு காலி செய்யுங்கள். அவர்கள் ஏற்கெனவே டவுன்லோட் செய்திருந்தால் அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தானாக எடுக்கும் பேக்கப் வேறு கதை. டிரைவின் தேடலில் அது வரவே வராது. மேலே சொன்ன அதே பக்கத்தில் Backups என்று இருக்கும், அதற்குள் போய்த்தான் அழிக்க வேண்டும். போனில் தானியங்கி பேக்கப்பை முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த முறை மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். ஒன்று கவனம்: இருக்கிற ஒரே பேக்கப் அதுதான் என்றால், அதை அழித்தபிறகு போன் கெட்டுப்போனால் பழைய சாட்டை மீட்க வழியிருக்காது.

கடைசியாக, போனிலும் கணினியிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை பாருங்கள். எனக்கு ஒரு பிரதி அங்கேயும் இருந்தது.