டோஸைக் கூட்டும் முன் டீயைத் தள்ளிப் போடுங்கள்

"அம்மாவுக்கு 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை. கோத்தகிரிக் குளிரில் காலை ஐந்தரைக்குப் பால் டீயோடு போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச். இன்னும் 9, கூடுதலாகவே இருக்கிறது. டோஸ் கூட்டணுமா?"

மாத்திரை டீயோடு போவதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பாலில் உள்ள கால்சியம் குடலில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ஒரு பங்கு ரத்தத்தில் சேராமலே போய்விடும். இது தெரியாமல் டோஸைக் கூட்டினால், பிறகு என்றைக்காவது வெறும் தண்ணீரில் போட ஆரம்பிக்கும்போது மருந்து மிகுந்து படபடப்பும் கை நடுக்கமும் வரலாம்.

எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ. கடுங்காபியும் அதற்கு முன் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேர இடைவெளி தேவை.

அந்தக் குளிரில் டீ இல்லாமல் ஒரு மணி நேரமா என்பார், எங்கள் வீட்டிலும் அதே பாட்டுதான். அப்படியானால் டாக்டரைக் கேட்டு இரவுக்கு மாற்றுங்கள்: ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு மாத்திரை. நடுவில் பால் கூடாது. ஆனால் ஒன்பதுக்கே தூங்கிவிடுகிறவருக்கு இது ஒத்துவராது.

மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். அவசரப்பட்டு இரண்டு வாரத்தில் பார்த்தால் சரியான நிலை தெரியாது.

அப்புறம், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எழுதித் தந்தாலும் பால், தயிரை முன்பின் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை இல்லை.