ஐந்து பாட்டிலும் ஒரே படகு

*கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் பணி ஓய்வு விழாவுக்காக முன்னாள் மாணவர்கள் சார்பில் ஐந்து பாட்டு எழுதியிருக்கிறேன். "வாழ்வென்னும் படகேறி வந்தோம் நாங்கள், வழிகாட்டும் மாலுமியாய் நீங்கள் வந்தீர்" என்று தொடங்குகிறது. படித்த மாமா ஒருவர், "மூன்றாம் பாட்டில் படகையே காணோமே, உருவகம் கலந்துவிட்டது" என்கிறார். அந்தப் பாட்டு இது. எப்படிச் சரிசெய்வது?*

*புயல்வந்த நேரத்தில் துடுப்பாய் நின்றீர்*
*புதர்மண்டும் பாதையிலே விளக்காய் ஆனீர்*
*வேராக எம்மையெலாம் தாங்கி நின்றீர்*
*வெற்றியெனும் படியேறக் கரங்கள் தந்தீர்*

*– வாசகி, பட்டர்வொர்த்*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமா சொன்னது சரிதான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வரியிலும் காய், காய், மா, தேமா என்ற சீரமைப்பு பிசகாமல் வந்திருக்கிறது. காது நன்றாக இருக்கிறது. கண்தான் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் வரியில் கடலில் இருந்தோம், இரண்டாவதில் காட்டுக்குள் வந்துவிட்டோம், மூன்றாவதில் மரத்தடியில் நிற்கிறோம், நான்காவதில் மாடிப்படி ஏறுகிறோம்.

இதைவிடப் பெரிய பிசகு ஒன்று உண்டு. முதல் பாட்டில் ஆசிரியர் மாலுமி. மூன்றாம் பாட்டில் அவரே துடுப்பு. துடுப்பைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா? படகை விட்டு வெளியே போகாமலேயே உருவகம் உடைவது இப்படித்தான். ஒன்றை ஒன்றாகச் சொல்லிவிட்டால் கடைசி வரை அது அதுவாகவே இருக்கவேண்டும்.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க அப்பர் திருவொற்றியூரில் பாடிய ஒரு தேவாரமே போதும்.

*மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்*
*சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது*
*மதனெனும் பாறை தாக்கி மறியும்போது அறிய வொண்ணாது*
*உனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூர் உடைய கோவே*

மனம் தோணி, மதி கோல், சினம் சரக்கு, மதன் பாறை. இந்தப் பட்டியலைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வினைச்சொற்களை. பற்றி, ஊன்றி, ஏற்றி, ஓடும்போது, தாக்கி, மறியும்போது. இந்த ஆறையும் மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். ஒரு தோணி புறப்பட்டுக் கவிழ்ந்த கதை அப்படியே கிடைத்துவிடும். ஒன்றுக்கொன்று காரணமும் இருக்கிறது. சரக்கு ஏற ஏறத் தோணி நீரில் அமிழும். அமிழ்ந்து போகிற தோணியைத்தான் அடியில் கிடக்கும் பாறை எளிதாகத் தட்டும். சினம் ஏன் சரக்கு, அது ஏன் பாறைக்கு முன்னால் வருகிறது என்பதற்கு நான் புரிந்துகொண்ட காரணம் இதுதான். கடலே அந்தப் பாட்டை நடத்திக்கொண்டு போகிறது.

கடைசி வரியில் இறைவனைக் கலங்கரை விளக்கமாகவோ மீட்க வரும் ஓடமாகவோ அவர் மாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். எல்லாவற்றையும் உருவகம் ஆக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்ற குறளிலும் பிறவி கடலாகிறது, இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லவே இல்லை. இதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். சொல்லாமல் விடலாம். வேறொன்றாகச் சொல்லத்தான் கூடாது.

சரி, உங்கள் பாட்டுக்கு வருவோம். "வாழ்வென்னும் படகு" என்ற தொடக்கத்தையே மாற்றச் சொல்வேன். படகு வாழ்க்கை என்றால் கரை எது? நம் பக்திப் பாடல் மரபில் பிறவிக்கடலின் கரை வீடுபேறு. பணி ஓய்வு பெறுகிறவரைப் பார்த்து ஐந்தாம் பாட்டில் "கரை சேர்ந்தீர்" என்று பாடினால், கேட்கிற பெரியவர்களுக்குத் திக்கென்று இருக்கும். "கல்வியெனும் படகேறி வந்தோம்" என்று மாற்றுங்கள், சீரும் கெடாது. அப்போது கரை என்பது பள்ளி முடிந்து நீங்கள் இறங்கிய இடம். ஆசிரியர் உங்களோடு இறங்கவில்லை, அடுத்த பிள்ளைகளை ஏற்றிவரத் திரும்பிப் போனார். ஃபெரி ஜெட்டியில் தினமும் பார்க்கிற காட்சிதானே? பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே 1894 முதல் ஓடுகிற ஃபெரி அது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த உருவகத்தை விளக்கவே வேண்டாம்.

ஆனால் ஃபெரியா தோணியா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஃபெரிக்கு இயந்திரம் உண்டு, துடுப்பு கிடையாது. தோணிக்குத் துடுப்பும் சுக்கானும் உண்டு, பாயும் இருக்கலாம். ஆற்றுப் படகு என்றால் சுழலும் மணல்திட்டும் வரலாம், கடலலை வராது. தண்ணீருக்குள்ளேயே கலந்துவிடுகிற இந்தக் கலப்பைப் பலர் கவனிப்பதில்லை. என் விருப்பம், சுக்கான் வைத்த ஒரு தோணி.

அப்புறம், பாட்டை மூடிவைத்துவிட்டு அந்தப் பயணத்தை உரைநடையில் பத்து வரி எழுதுங்கள். எங்கே ஏறினீர்கள், எத்தனை பேர், எந்த நேரம், காற்று எப்போது மாறியது, யார் என்ன செய்தார். ஒரு பாட்டுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். மூன்றாம் பாட்டுக்கு உங்கள் புயலையே வைத்துக்கொள்ளலாம். மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராக் காற்று வருமே, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், திடீரென்று. அந்த நேரத்தில் சுக்கான் பிடிப்பவர் என்ன செய்வார்? தோணியின் பக்கவாட்டில் அலை அடித்தால் கவிழ்ந்துவிடும். அதனால் முன்பகுதியை, அதாவது அணியத்தை, அலைக்கு நேராகத் திருப்பிப் பிடிப்பார். எழுந்து நிற்கும் பிள்ளைகளை உட்காரச் சொல்வார். ஆசிரியர் வகுப்பில் செய்ததும் இதுதானே?

*எதிர்காற்று வந்தடித்த இரவில் எம்மை*
*எழவேண்டாம் அமருங்கள் என்று சொன்னீர்*
*அதிராமல் அணியத்தை அலைக்கு நேரே*
*அசையாமல் பிடித்திருந்தீர் விடியு மட்டும்*

இதில் துடுப்பு, விளக்கு, வேர், படி எதுவும் இல்லை. "நீங்கள் இன்னது ஆனீர்" என்ற வரியே இல்லை. முதல் பாட்டிலேயே அவர் மாலுமி ஆகிவிட்டதால், இங்கே அவர் வேலை செய்தால் போதும்.

எழுதி முடித்ததும் ஐந்து பாட்டிலும் வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் "இது தோணியில் நடக்குமா?" என்று கேளுங்கள். பெயர்ச்சொல் கலந்தால் உடனே கண்ணில் படும், வினைச்சொல் கலந்தால் படாது. "நம்பிக்கை வேரூன்றியது", "அறிவு சுடர்விட்டது", "உள்ளம் மலர்ந்தது" எல்லாம் நாம் தினமும் பேசுகிற தமிழ். அவை உருவகம் என்பதே மறந்துபோயிருக்கும். அதனால்தான் சத்தமில்லாமல் ஏறிக்கொள்கின்றன. வேரூன்றியது என்று வருகிற இடத்தில் நங்கூரம் பிடித்தது என்று போட்டுப் பாருங்கள். பொருள் நின்றுவிடும், படகும் நிற்கும்.

ஐந்தாம் பாட்டை நான் எழுதித் தரவில்லை. அது உங்களுடையது. அதில் அவரை விண்மீன் ஆக்கிவிடாதீர்கள். விண்மீனைப் பார்த்துத் தோணி விடலாம் என்பதால் அது உருவகத்துக்குள் அடங்கும்தான், ஆனால் சுக்கான் பிடித்தவரே வானத்தில் எப்படி இருப்பார்? அவர் தோணியை ஜெட்டித் தூணில் கட்டுகிறார், கயிற்றின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார், சுக்கானை அடுத்தவர் கையில் கொடுக்கிறார். நான்கு வரிக்கு அது போதும்.